மெஷின் சும்மா நிக்குது: பார்ட்டை நாமளே செய்யறதா, வெளிய வாங்கறதா? கணக்கு போடற வழி

கோயம்புத்தூர்ல விவசாய பம்ப் செய்யற கம்பெனில வேலை பாத்தவங்களுக்கு இது தெரியும், பிப்ரவரில இருந்து ஜூன் வரைக்கும் மெஷின் ஷாப்ல நிக்க இடம் இருக்காது, கிணத்துல தண்ணி இறங்க இறங்க ஆர்டர் ஏறும். மழை ஆரம்பிச்சதும் எல்லாம் அப்படியே படுத்துரும். ஜூலைல உள்ள போனா ரெண்டு சிஎன்சி லேத்துல ஒண்ணு பாதி நாள் கதவு மூடி நிக்கும், ஆபரேட்டர் கடைசல் துருவல் விழற சிப்ஸ் ட்ரேயை கழுவிட்டு இருப்பாரு. அதே நேரத்துல கேட்ல ஒரு வண்டி வந்து வெளிய வாங்கின ஷாஃப்ட்டை இறக்கிட்டு இருக்கும். அப்ப யாராவது ஒருத்தர் கேப்பாங்க, "ஏனுங்க, மெஷின் சும்மா தானே இருக்குது, இதை நாமளே ஓட்டிக்கலாமல்லங்க?"

இந்தக் கேள்விக்கு எப்படி கணக்கு போடறதுன்னு தான் இங்க சொல்லப் போறேன். அக்கவுண்ட்ஸ்ல புதுசா சேந்தவங்க, காஸ்டிங் படிச்சு முடிச்சு இப்ப தான் ஃபேக்டரிக்குள்ள கால் வெச்சவங்க, சின்ன யூனிட் வெச்சு தானே கணக்கு பாக்கறவங்க, இவங்களை மனசுல வெச்சு எழுதறேன். ஒரே ஒரு உதாரணத்தை எடுத்து கடைசி வரைக்கும் அதையே ஓட்டறேன், நம்பர் எல்லாம் புரியறதுக்காக வட்டமா வெச்சது, உங்க ஷாப்புக்கு உங்க நம்பரை போட்டுக்கோங்க.

பார்ட் என்னன்னா சப்மெர்சிபிள் பம்புக்கு போற ஷாஃப்ட், எஸ்எஸ் 410 கம்பில இருந்து கடைசல் பண்றது. மாசம் 1,200 வேணும். இப்ப ஒரு சப்ளையர்கிட்ட 430 ரூபாக்கு ரெடி ஷாஃப்ட்டா வாங்கறோம்.

முதல்ல காஸ்ட் ஷீட்டை எடுங்க, ஆனா கடைசி வரிய பாத்து முடிவு பண்ணாதீங்க

நம்ம உள்ள செஞ்சா எவ்வளவு ஆகும்னு காஸ்டிங்ல கேட்டா ஒரு ஷீட் வரும். கம்பி 300 ரூபா. கூலி 42 ரூபா, இதுல 30 சிஎன்சி ஆபரேட்டர், 12 பிசிறு எடுக்கறதுக்கும் கீவே பாக்கறதுக்கும் பீஸ் ரேட்ல குடுக்கறது. லேத்துல வெட்டற முனையான இன்செர்ட், கரண்ட், கூலன்ட், வெளிய அனுப்பி கிரைண்டிங் போடறது எல்லாம் சேத்து 53. அப்புறம் ஃபேக்டரி ஓவர்ஹெட் 95. மொத்தம் 490.

வெளிய 430, உள்ள 490. ஷாஃப்ட்டுக்கு 60 ரூபா நஷ்டம், வெளிய வாங்கறதே சரின்னு எழுதி கையெழுத்து போட்டு அனுப்பிருவோம். நானும் ஆரம்பத்துல இதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கேன், உள்ள ஓடிட்டு இருந்த ஒரு பார்ட்டை வெளிய குடுக்கச் சொல்லி. குடுத்தாங்க. வருஷக் கடைசில பாத்தா சப்ளையர் பில் ஏறியிருந்தது, ஆனா நான் மிச்சம் ஆகும்னு காட்டின வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், தேய்மானம் ஒண்ணுகூட ஒரு ரூபா இறங்கல. காஸ்ட் ஷீட்ல இருந்த செலவு பேங்க் கணக்குல இருந்து போகவே இல்லன்னா அதை மிச்சம் பிடிக்க முடியாதுங்கறது எனக்கு அப்ப தான் உறைச்சது.

காஸ்ட் ஷீட் தப்புன்னு சொல்ல வரல. ஸ்டாக் மதிப்பு போடறதுக்கும், வருஷம் முழுக்க என்ன விலை வெச்சா கட்டுபடி ஆகும்னு பாக்கறதுக்கும் அது வேணும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அதோட கடைசி வரி பதில் இல்ல.

ரெண்டாவது, ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்க

கேள்வி இது தான்: நாளைல இருந்து இந்த ஷாஃப்ட்டை உள்ள செஞ்சா, இந்த வரில கையை விட்டு போற காசு மாறுமா, மாறாதா? மாறினா அது இந்த முடிவுக்கு தேவையான செலவு, ரெலவன்ட் காஸ்ட்டுன்னு சொல்றது அதைத் தான். மாறலேன்னா அது எவ்வளவு பெரிய தொகையா இருந்தாலும் தள்ளி வைங்க.

கம்பில ஆரம்பிப்போம். வெளிய ரெடி ஷாஃப்ட்டா வாங்கினா கம்பி வாங்க வேண்டாம், உள்ள செஞ்சா வாங்கணும், அதனால 300 முழுசா உள்ள வரும். ஆனா ஷீட்ல விட்டுப்போன ஒண்ணு இருக்கு. கடையற கம்பில சுமார் 300 கிராம் சிப்ஸா போகுது, அது எஸ்எஸ் சிப்ஸ், தனியா சேத்து வெச்சா ஸ்க்ராப்காரர் காசு குடுப்பார். கிலோ 40 ரூபான்னு வெச்சா ஷாஃப்ட்டுக்கு 12 ரூபா திரும்ப வருது. இதுல ஒரு விஷயம், சாதா இரும்பான எம்எஸ் சிப்ஸோட கலந்துட்டா இந்த விலை கிடைக்காது, அதனால மெஷின் பக்கத்துல தனி டப்பா வெச்சாங்களான்னு போய் பாத்துட்டு அப்புறமா இந்த 12-ஐ கழிங்க.

பீஸ் ரேட் 12 ரூபா, ஷாஃப்ட் ஓடினா தான் குடுக்கறோம், சேத்துக்கணும். இன்செர்ட் 18, சேத்துக்கணும். கூலன்ட் ஆயில் 4, கிரைண்டிங் 20, இதுவும் அப்படித்தான்.

கரண்டுல கொஞ்சம் நிதானம் வேணும். ஹெச்டி கனெக்ஷன் பில்லுல ரெண்டு பகுதி இருக்கும், ஒரே நேரத்துல எவ்வளவு கரண்ட் இழுக்கலாம்ங்கறதுக்கு குடுக்கற டிமாண்ட் சார்ஜ் ஒண்ணு, ஓடின யூனிட்டுக்கு ஒண்ணு. மெஷின் நின்னாலும் டிமாண்ட் சார்ஜ் வரும், அது வேண்டாம். மணிக்கு 7 யூனிட் சொச்சம் இழுக்குது, யூனிட் ஏழரை ரூபான்னு வெச்சா மணிக்கு 55 ரூபா, ஷாஃப்ட் ஒண்ணுக்கு 12 நிமிஷம் ஆகறதால 11 ரூபா, இது மட்டும் போதும். ஒரே ஒரு விஷயம், இந்த மெஷினும் சேந்து ஓடி மொத்த டிமாண்ட் அனுமதிச்ச அளவைத் தாண்டுச்சுன்னா கூடுதல் கட்டணம் விழும், அப்ப அது கணக்குக்குள்ள வந்துரும். மழைக்கால லோடுல அது நடக்காது, சீசன்ல நடக்கும்.

ஓவர்ஹெட் 95. இதுக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சு பாத்தா மெஷின் தேய்மானம், கட்டட வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், இன்சூரன்ஸ், வருஷ மெயின்டனன்ஸ் ஒப்பந்தம், அந்த டிமாண்ட் சார்ஜ். எதுவுமே ஷாஃப்ட் உள்ள ஓடறதால கூடப்போறதும் இல்ல, வெளிய வாங்கறதால குறையப்போறதும் இல்ல. 95-ம் வெளிய.

ஆபரேட்டர் 30 ரூபா, இதை அடுத்து தனியா பேசறேன், ஏன்னா மொத்த கணக்கையும் இந்த ஒரு வரி தான் புரட்டும். இப்போதைக்கு அவர் நிரந்தர ஆள், ஷாஃப்ட் இருந்தாலும் இல்லாட்டியும் மாசச் சம்பளம் வாங்கறவர்னு வெச்சு தள்ளிடுவோம்.

ஷீட்ல இல்லாத இன்னொண்ணையும் சேக்கணும், உள்ள செஞ்சா ரிஜெக்ஷன் நம்ம தலைல. சப்ளையர் ரிஜெக்ட் ஆனதை மாத்திக் குடுத்துருவார், நமக்கு யாரும் மாத்திக் குடுக்க மாட்டாங்க. 2 சதவீதம்னு வெச்சா ஷாஃப்ட்டுக்கு 7 ரூபா.

இப்ப கூட்டுங்க. கம்பி 300, ஸ்க்ராப் கழிச்சா 288. அதோட 12, 18, 11, 4, 20, 7 சேத்தா 360 ரூபா.

வாங்கற பக்கமும் இதே மாதிரி சுத்தம் பண்ணணும், பல பேர் அங்க பில் விலைய அப்படியே எடுத்துக்குவாங்க. 430 அவர் இடத்து விலை, வண்டி வாடகை நம்மது, ஷாஃப்ட்டுக்கு 6 ரூபா விழுது, ஆக 436. ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட் எடுக்கறதால ரெண்டு பக்கமும் ஜிஎஸ்டி இல்லாத விலையே வெச்சிருக்கேன், ஒரு பக்கம் வரியோடவும் இன்னொரு பக்கம் வரி இல்லாமலும் போட்டுறாதீங்க.

436 கழித்தல் 360, ஷாஃப்ட்டுக்கு 76 ரூபா மிச்சம். காஸ்ட் ஷீட் 60 ரூபா நஷ்டம்னு சொன்ன அதே ஷாஃப்ட்.

மூணாவது, மொத்தமா வர்ற செலவை மாசக் கணக்குல கழிங்க

சில செலவு ஷாஃப்ட் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி வராது, ஆனா ஷாஃப்ட் ஓட்டறதால மட்டும் தான் வரும். நிலையான செலவுன்னாலே தள்ளிரலாம்னு பாடத்துல மேலோட்டமா படிச்சவங்க இங்க வழுக்குவாங்க. நிலையானதா மாறக்கூடியதாங்கறது கேள்வி இல்ல, இந்த முடிவால புதுசா வருதாங்கறது தான் கேள்வி.

நம்ம உதாரணத்துல ஷாஃப்ட் இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு ஆள் கான்ட்ராக்ட்ல எடுக்கணும், மாசம் 18,000. ஒரு தடவை ஃபிக்ஸ்சர், கேஜ் எல்லாம் வாங்க 60,000.

மாசம் 1,200 ஷாஃப்ட், 76 ரூபா வீதம் 91,200. 18,000 கழிச்சா 73,200. ஜூலைல இருந்து நவம்பர் வரைக்கும் அஞ்சு மாசத்துக்கு 3,66,000. ஃபிக்ஸ்சர் 60,000 போனா 3,06,000 ரூபா. இது தான் இந்த மழை சீசனுக்கு கைல நிக்கற மிச்சம்.

அடுத்த வருஷம் இதே கணக்கை போடறப்ப அந்த 60,000-ஐ மறுபடி கழிக்காதீங்க. போன வருஷம் குடுத்த காசு, இனி என்ன முடிவெடுத்தாலும் திரும்ப வராது. வாங்கறதுக்கு முந்தின நாள் வரைக்கும் அது தேவையான செலவு, வாங்கின மறுநாள்ல இருந்து இல்ல.

நாலாவது, மெஷின் உண்மைலயே சும்மா இருக்கான்னு எண்ணிப் பாருங்க

"சும்மா தானே இருக்கு"ங்கறது கண்ணால பாத்துச் சொல்றது, அதை மணி நேரமா மாத்துங்க. ரெண்டு மெஷின், ரெண்டு ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு 8 மணி, மாசம் 26 நாள், மொத்தம் 832 மணி நேரம். ஆனா டூல் மாத்தறது, பிரேக்டவுன், டீ நேரம், ஆள் வராதது எல்லாம் போனா நடைமுறைல 640 மணி கிடைக்கும்னு வைங்க. மழை மாசத்துல நம்ம சொந்த வேலை 360 மணி. மிச்சம் 280.

ஷாஃப்ட் 1,200-க்கும் 12 நிமிஷம்னா 240 மணி நேரம். இதோட செட்டிங் நேரத்தையும் சேக்கணும், ஷாஃப்ட்ல நாலு சைஸ் இருக்கு, சைஸ் மாத்தி மாத்தி செட் பண்ண மாசம் 16 மணி போகுது. 256. 280-க்குள்ள அடங்குது, ஆனா ரொம்ப தாராளம்னு சொல்ல முடியாது. 832-ல இருந்து 360 போனா 472 மணி சும்மா இருக்குன்னு நினைச்சு 2,000 ஷாஃப்ட்டுக்கு ஒத்துக்கிட்டா அங்க மாட்டுவோம், ஓவர்டைம் வரும், ஓவர்டைம் வந்த நிமிஷமே 360 ரூபா கணக்கு செல்லாது.

இந்த இடத்துல ஒரு பொறி இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். ஓவர்ஹெட் 95-ங்கறது மணிக்கு 475 வீதம் 640 மணிக்குப் பிரிச்சது, அதாவது ரெண்டு மெஷினுக்கும் மாசம் 3,04,000. மழைக்காலத்துல யாராவது "இந்த மாசம் 360 மணி தானே ஓடுச்சு"ன்னு அந்த 3,04,000-ஐ 360-ஆல வகுத்தா மணிக்கு 844 ஆகும், ஷாஃப்ட்டுக்கு 95-க்கு பதில் 169 விழும், காஸ்ட் ஷீட் 564 காட்டும். மெஷின் எவ்வளவுக்கெவ்வளவு சும்மா நிக்குதோ அவ்வளவுக்கவ்வளவு உள்ள செய்யறது விலை கூடுன மாதிரி தெரியும். அதை நம்பி இன்னொரு பார்ட்டை வெளிய குடுப்பாங்க, மணி இன்னும் குறையும், மிச்சம் இருக்கற பார்ட் மேல ஓவர்ஹெட் இன்னும் ஏறும், அடுத்து அதுவும் வெளிய போகும். வேலையே இல்லாத ஷாப்பா ஆகற வரைக்கும் இந்த ஷீட் ஒவ்வொரு தடவையும் நியாயமாத்தான் தெரியும். மழை மாசத்துல மெஷின் ஹவர் ரேட் திடீர்னு ஏறியிருந்தா என்ன ஹவரால வகுத்திருக்காங்கன்னு முதல்ல பாருங்க.

ஆபரேட்டர் சம்பளம்: ஷாப்ல போய் கேட்டுட்டு எழுதுங்க

காஸ்டிங் புக்ல நேரடிக் கூலின்னா மாறக்கூடிய செலவுன்னு போட்டிருக்கும். நிரந்தர ஆபரேட்டர் வேலை இல்லேன்னாலும் சம்பளம் வாங்கறார், பிஎஃப் இஎஸ்ஐ கட்டறோம், அவரை மழைக்கு வீட்டுக்கு அனுப்பிட்டு சீசனுக்கு கூப்பிட முடியாது, அனுப்பினா பக்கத்து ஷாப்ல சேந்துருவார். அந்த மாதிரி ஆளோட 30 ரூபா கணக்குல வராது.

ஆனா பல ஷாப்ல ரெண்டாவது ஷிஃப்ட் கான்ட்ராக்ட் ஆளுங்க. வேலை இல்லேன்னா கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி நிறுத்திருவாங்க. அப்ப ஷாஃப்ட் ஓட்டினா தான் அந்தச் சம்பளம் போகுது, 30 ரூபா முழுசா உள்ள வரும். 1,200 ஷாஃப்ட்டுக்கு மாசம் 36,000. 73,200-ல இருந்து 37,200 ஆயிரும், அஞ்சு மாசம் 1,86,000, ஃபிக்ஸ்சர் போனா 1,26,000. 3,06,000-ல பாதிகூட இல்ல. இன்னும் லாபம் தான், ஆனா ரிஜெக்ஷன் கொஞ்சம் ஏறினா காணாமப் போற லாபம்.

இதை ஹெச்ஆர் ஃபைல்ல தேடாதீங்க. ஷிஃப்ட் சூப்பர்வைசர்கிட்ட போய் ஒரே கேள்வி கேளுங்க: "போன ஆகஸ்ட்ல இந்த மெஷின் ஆளுங்க என்ன பண்ணாங்க?" அவர் சொல்ற பதில் தான் உங்க எண்ணு. "வேற மெஷினுக்கு மாத்திட்டோம்"னு சொன்னார்னா இன்னும் ஒரு கேள்வி கேக்கணும், அங்க அவங்க போனதால யாருக்காவது ஓவர்டைம் மிச்சமாச்சான்னு. ஆச்சுன்னா, இப்ப ஷாஃப்ட்டுக்கு இழுத்தா அந்த ஓவர்டைம் திரும்ப வரும், அதுவும் ஷாஃப்ட்டோட செலவு தான்.

அஞ்சாவது, அந்த மணி நேரத்துக்கு வேற யாராவது காசு குடுக்கறாங்களா

சும்மா நிக்கற மெஷின் இலவசம்னு இதுவரைக்கும் வெச்சுட்டு வந்தோம். யாரும் கேக்காத வரைக்கும் தான் அது இலவசம். பக்கத்து யூனிட்காரர் வந்து, "அண்ணா, உங்க மெஷின்ல என் ஜாபை ஓட்டிக் குடுங்க, மணிக்கு 350 தர்றேன், இன்செர்ட் நான் கொண்டாந்துக்கறேன்"னு சொன்னா, கரண்ட் 55 போக நமக்கு மணிக்கு 295 நிக்கும். ஷாஃப்ட் ஓட்டினா அந்த 295-ஐ விடறோம். விட்ட வருமானமும் செலவு தான், எந்தப் புக்லயும் எழுதாத செலவு.

அதனால நம்ம மிச்சத்தையும் மணிக்கணக்குல மாத்திப் பாருங்க. ஷாஃப்ட்டுக்கு 76, மணிக்கு 5 ஷாஃப்ட், 380 ரூபா. 380 பெருசு, 295 சின்னது, ஷாஃப்ட்டே ஓட்டலாம்னு தோணும். அவசரப்படாதீங்க, அந்த 380-ல இன்ஸ்பெக்டர் சம்பளமும் ஃபிக்ஸ்சரும் கழியல. எல்லாம் போன 3,06,000-ஐ அஞ்சு மாசத்து 1,200 மணிக்கு வகுத்தா மணிக்கு 255 தான். 295 ஜெயிச்சுருச்சு.

ஆனா 295 எத்தனை மணிக்கு வரும்? அவர் மாசம் 240 மணியும் எடுத்துக்கறார்னு எழுதிக் குடுத்தா அஞ்சு மாசத்துல 3,54,000, ஷாஃப்ட்டை விட்டுட்டு அதைப் பிடிக்கலாம். 150 மணி தான்னா 2,21,250, ஷாஃப்ட் தான் சரி. ரெண்டும் சமமாகற இடம் மாசம் 207 மணி சொச்சம். என் அனுபவத்துல இந்த மாதிரி ஆளுங்க வாய்ல 240 சொல்லி கைல 100 குடுப்பாங்க, அவங்க மேல தப்பு இல்ல, அவங்க வேலையும் அதே மழைல தான் படுக்குது. பர்ச்சேஸ் ஆர்டர் இல்லாத வாய்ப்பை விட்ட வருமானம்னு கணக்குல ஏத்தாதீங்க.

இதே மணிக்கணக்கு சீசன்ல வேற பதில் சொல்லும். பிப்ரவரி வந்தா நம்ம சொந்த வேலையே 590 மணி, மிச்சம் 50 தான். அப்ப ஷாஃப்ட்டை உள்ள ஓட்டணும்னா, இதே மெஷின்ல ஓடற இன்னொரு பம்ப் பார்ட்டான பௌலோட கடைசலை வெளிய அனுப்பணும். பௌலை உள்ள கடையறதுல வெளி விலையை விட பீஸுக்கு 52 ரூபா மிச்சம், ஒண்ணுக்கு 6 நிமிஷம், அப்ப மணிக்கு 520. ஷாஃப்ட் மணிக்கு 380 தான். பீஸுக்குப் பாத்தா 76 தான் 52-ஐ விடப் பெருசு, ஆனா இறுக்கமா இருக்கறது மெஷின் நேரம், அதனால மணிக்கு எவ்வளவுன்னு தான் பாக்கணும். சீசன்ல பௌல் உள்ள, ஷாஃப்ட் வெளிய. ஒரே ஷாஃப்ட், ஒரே மெஷின், ஆகஸ்ட்ல செய், மார்ச்ல வாங்குன்னு வருது, ரெண்டுமே சரி.

ஆறாவது, சப்ளையரை அஞ்சு மாசம் பட்டினி போட்டா என்ன ஆகும்

கணக்குல ஜெயிச்சு களத்துல தோக்கறது இந்த இடத்துல தான். சப்ளையரும் இதே ஊர்ல ரெண்டு மெஷின் வெச்சுட்டு லோன் கட்டிட்டு இருக்கற ஆள். ஜூலைல ஆர்டரை நிறுத்திட்டு டிசம்பர்ல போன் அடிச்சா அவர் மெஷினை வேற பார்ட்டிக்கு குடுத்திருப்பார். இல்லேன்னா, "அண்ணா, இப்ப 450-க்கு தான் முடியும்ங்க, நீங்களும் அஞ்சு மாசம் கூப்பிடலீங்களே"ம்பார். அவர் சொல்றதுல நியாயம் இருக்கு.

இதை மனசுல பயமா வெச்சுக்காம எண்ணா மாத்திருங்க. 20 ரூபா கூட, மாசம் 1,200, மிச்சம் ஏழு மாசம், 1,68,000. 3,06,000-ல இருந்து இதைக் கழிச்சா 1,38,000.

இப்ப இன்னொரு வழியையும் போட்டுப் பாருங்க. மழைக்காலத்துலயும் மாசம் 400 அவர்கிட்ட வாங்கறது, 800 மட்டும் உள்ள ஓட்டறது, அதுக்கு பதிலா 430 விலையை வருஷம் முழுக்க பிடிச்சுக்கறது. 800-க்கு 76 வீதம் 60,800, இன்ஸ்பெக்டர் 18,000 போக 42,800, அஞ்சு மாசம் 2,14,000, ஃபிக்ஸ்சர் போக 1,54,000. முழுசா உள்ள இழுத்து விலை ஏறவிடறதை விட 16,000 கூட நிக்குது, மெஷின்லயும் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கு. அவர் விலை ஏத்த மாட்டார்னு உறுதியா தெரிஞ்சா 1,200-ம் உள்ள ஓட்டறது தான் பெருசு. நான் 800-க்கு தான் போவேன், ஆனா அதுக்கு முன்னாடி ஏப்ரல்லயே அவர்கிட்ட உக்காந்து பேசிருவேன், ஜூன் கடைசில சொல்றதும் ஏப்ரல்ல சொல்றதும் அவருக்கு ஒண்ணு இல்ல, ஏப்ரல்ல தெரிஞ்சா அவரால வேற வேலை பிடிக்க முடியும்.

ஏழாவது, ஓட ஆரம்பிச்சதும் எங்க பாக்கணும்

நம்ம 360 ரூபால ரொம்ப நம்பி வெச்ச எண் ரிஜெக்ஷன் 2 சதவீதம். இத்தனை நாள் அந்த சப்ளையர் பையன் இந்த ஷாஃப்ட்டை மட்டுமே ஓட்டிட்டு இருந்தான், நம்ம ஆபரேட்டருக்கு இது புதுசு. ஷாஃப்ட்ல பிரச்சினை விட்டத்துல வராது, மைக்ரோமீட்டர்ல எல்லாம் சரியா இருக்கும். ரெண்டு முனையையும் சென்டர்ல பிடிச்சு, நடுவுல டயல் கேஜ் முள்ளை வெச்சு கையால மெதுவா ஒரு சுத்து சுத்தினா தான் தெரியும், முள்ளு ஆடற ஆட்டம் டிராயிங்ல குடுத்த அளவைத் தாண்டும். கம்பி வளைஞ்சு வந்திருக்கலாம், ரேக்ல நடுவுல தாங்கு இல்லாம படுக்க வெச்சிருக்கலாம், கடையறப்ப தள்ளி வளைஞ்சிருக்கலாம். இந்த ஷாஃப்ட் பம்புக்குள்ள போச்சுன்னா புஷ்ஷைத் தின்னுரும், கம்ப்ளெயின்ட் நாலஞ்சு மாசம் கழிச்சு தோட்டத்துல இருந்து வரும். பம்பை போர்ல இருந்து மேல எடுக்கற கூலியே ஒரு ஷாஃப்ட் மிச்சத்தை விட பல மடங்கு, அதனால அந்த இன்ஸ்பெக்டர் 18,000-ஐ மிச்சம் பிடிக்கலாம்னு மட்டும் யாரும் நினைக்காதீங்க.

முதல் மாசம் ரிஜெக்ஷன் 8 சதவீதம் போனா ஷாஃப்ட்டுக்கு 7 ரூபா 28 ரூபா ஆகும், 76 மிச்சம் 55-க்கு இறங்கும். 800 ஷாஃப்ட்டுக்கு மாசம் 44,000, இன்ஸ்பெக்டர் போக 26,000. இன்னும் தாங்கும், ஆனா ரெண்டாவது மாசமும் அப்படியே நின்னா காரணத்தைக் கண்டுபிடிக்காம மூணாவது மாசத்துக்கு கம்பி வாங்காதீங்க.

அதோட மூணு எண்ணை மாசாமாசம் எடுத்துக்கோங்க: அந்த ரெண்டு மெஷினோட ஓவர்டைம், இன்செர்ட் எத்தனை டப்பா போச்சு, ஸ்க்ராப் வித்த ரசீது. ஓவர்டைம் வந்திருந்தா சும்மா இருந்ததா நினைச்ச நேரம் சும்மா இல்ல. இன்செர்ட் 18 ரூபாய்க்கு மேல போனா எஸ்எஸ்ஸுக்கு எம்எஸ் வேகத்துல ஓட்டறாங்களான்னு கேளுங்க. ஸ்க்ராப் ரசீதே வரலேன்னா சிப்ஸ் கலந்து போயிருக்கு, அந்த 12 ரூபாயை கணக்குல இருந்து எடுத்துருங்க.

நவம்பர் நடுவுல மறுபடி மணிக்கணக்கை எடுங்க, டிசம்பர் ஜனவரிக்கு பிளானிங்ல என்ன லோடு போட்டிருக்காங்கன்னு கேட்டு வாங்குங்க. மிச்ச நேரம் 170 மணிக்கு கீழ போற மாசம் எதுவோ, செட்டிங்கும் சேத்து 800 ஷாஃப்ட்டுக்கு ஏறக்குறைய அவ்வளவு தான் வேணும், அதுக்கு முந்தின மாசமே சப்ளையருக்கு முழு 1,200-க்கு ஷெட்யூல் போயிரணும், அவருக்கும் கம்பி வாங்க நாள் வேணும்ல.